தூங்கட்டும் என்று நான் சொன்ன விடியற்காலை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய இரண்டு வயது மகனுக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணியிலிருந்து வாந்தியும் பேதியுமாக இருந்தது எனக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கே ஒருமுறை பேசி, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும்படி சொல்லியிருந்தேன். அதனால் எடுத்ததும் "வாந்தி நின்னுச்சா?" என்றுதான் கேட்டேன். "நின்னுடுச்சு பெரியம்மா. ரெண்டு மணிக்கு அப்புறம் வெளியிலயும் போகல. இப்ப அசந்து தூங்குறான்" என்றாள். இரவெல்லாம் கண் விழித்தவளின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி எனக்கும் தொற்றிக்கொண்டது. "நல்லது, தூங்கட்டும், எழுப்பாதே. நான் ஏழு மணி பஸ்சுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

இருபத்தாறு ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓ.ஆர்.எஸ். கரைப்பது எப்படி என்று அங்கன்வாடி வாசலில் நின்று எத்தனை தாய்மார்களுக்குச் செய்து காட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இருந்தும் அந்த விடியற்காலையில் நான் கேட்டவை எல்லாம் வாந்தியைப் பற்றியும் பேதியைப் பற்றியுமே இருந்தன. குழந்தையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை என்னால் இன்னும் மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. கூடத்தில் பாய் விரித்து, போர்வை போர்த்தி, குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். அவளுடைய மாமியார், "நைட்டு பூரா படுத்தி எடுத்துட்டான், இப்பதான் கண்ணயர்ந்தான், தொடாதீங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். நான் பாயின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தைத்தான் முதலில் பிடித்தேன். கொலுசின் வெள்ளியும் பாதத்தின் தோலும் ஒரே மாதிரி சில்லென்று இருந்தன. மழைக்காலக் காலை, சிமெண்டுத் தரை, அதனால் இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். கையை மேலே நகர்த்தினேன். கணுக்கால் சில்லிட்டிருந்தது, கெண்டைக்கால் சில்லிட்டிருந்தது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்த பிறகுதான் சூடு தட்டுப்பட்டது. வயிறு சூடாகவே இருந்தது. உள்ளங்காலைச் சுரண்டினேன். தூங்குகிற குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், இவன் இழுக்கவில்லை. பெயர் சொல்லித் தூக்கி உட்கார வைத்தபோது கண்ணைத் திறந்தான், ஆனால் அந்தப் பார்வை என் முகத்தில் வந்து நிற்கவில்லை. அழவும் இல்லை. கண்கள் குழிந்திருந்தன, உதடு உலர்ந்து வெளுத்திருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

அவனுடைய கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை ஐந்து நொடி அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் மறுபடி சிவக்க ஐந்து வரை எண்ண வேண்டியிருந்தது. அதே வெளிச்சத்தில் அதே கூடத்தில் என் நகத்தை அழுத்திப் பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்பிவிட்டது. "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். டயப்பர் கட்டியிருந்ததால் தண்ணீராய்ப் போன பேதியும் சிறுநீரும் பிரித்தறிய முடியாமல் கலந்திருந்தன. இரண்டு மணிக்கு மாற்றிய டயப்பர் காலை எட்டு மணிக்கு எடை இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஆறு மணி நேரம்.

கடைமடை

இந்த டெல்டாவில் பிறந்தவர்களுக்கு, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாமல் போகிற ஷாக் என்ற நிலையை விளக்க நான் உடற்கூறு படத்தைத் தேட வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டில் என்ன நடக்கிறது என்று நாம் பார்த்திருக்கிறோம். கிளை வாய்க்கால்களின் மதகுகளை இறக்கிவிட்டு, இருக்கிற தண்ணீரைத் தாயாற்றில் ஓட விடுவார்கள். தலைப்பில் நின்று பார்ப்பவருக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதாகத்தான் தெரியும். கடைமடையில் வயல் வெடித்துக் கிடக்கும். குழந்தையின் உடலும் இதையேதான் செய்கிறது. பேதியிலும் வாந்தியிலும் நீர் வெளியேறும்போது இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் இரத்தத்தின் அளவு குறைகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் குறைவு வரக் கூடாது என்பதற்காக, தோலுக்கும் கை கால்களுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற குழாய்களை உடல் இறுக்கி மூடுகிறது. இதயம் வழக்கத்தைவிட மிக வேகமாக அடித்து, மிச்சமிருக்கும் இரத்தத்தை விரைவாகச் சுற்ற வைக்கிறது. பாதம் சில்லிடுவதும், நகம் சிவக்கத் தாமதமாவதும், சிறுநீர் நின்றுபோவதும் அந்த மூடப்பட்ட மதகுகளின் அடையாளங்கள்.

இந்த ஏற்பாட்டினால் இரத்த அழுத்தம் விழாமல் நிற்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குழாய்கள் வலுவாக இறுகக் கூடியவை என்பதால், ஓடுகிற இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் வரைகூட அழுத்தமானி சாதாரண எண்ணையே காட்டலாம். அதற்குப் பிறகு அது மெல்ல இறங்குவதில்லை, கரை உடைந்தது போலச் சரிந்துவிடுகிறது. ஒன்று முதல் பத்து வயது வரையிலான குழந்தைக்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்ட வேண்டும். மேல் அழுத்தம் அதற்குக் கீழே போனால் அது ஆபத்தான அளவு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது 74. ஆனால் அந்த எண் வரும்வரை காத்திருந்தவர்கள் மிகத் தாமதமாக வந்தவர்கள். அழுத்தம் விழுந்துவிட்ட குழந்தைக்கும் இதயம் நின்றுபோவதற்கும் இடையில் சில நிமிடங்களே இருக்கக்கூடும்.

பேதி ஏன் தானாக நின்றது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் குழந்தையின் வாய்க்குள் எதுவும் போகவில்லை. குடலுக்குப் போகிற இரத்தமும் குறைந்துவிட்டது. வெளியே வருவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் நின்றது. நாங்கள் அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டோம்.

தாலுகா மருத்துவமனையில்

108-ஐ அழைத்தபோது வண்டி வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். எதிர்வீட்டில் கார் இருந்தது, மருத்துவமனை பதினைந்து நிமிடத் தூரம். காரில் கிளம்பினோம். மாமியார் ஒரு டம்ளர் இளநீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தையின் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மடியில் மட்டமாகப் படுக்க வைத்து, துணியால் போர்த்தி, மூச்சைப் பார்த்துக்கொண்டே போனோம்.

அங்கே நடந்ததுதான் இந்த விஷயத்தில் என் புத்தியைத் திருப்பியது. கையில் கட்டிய சின்னப் பட்டையின் எண்ணைப் பார்த்துவிட்டு, பணியிலிருந்த இளம் செவிலியர், "மேடம், பி.பி. 88 இருக்கு, நார்மல்தான்" என்றார். என் தங்கை மகள் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். மருத்துவர் அந்த எண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் நான் வீட்டில் செய்தது போலவே பாதத்தைப் பிடித்தார், கையை முழங்கால் வரை நகர்த்தினார், மணிக்கட்டில் நாடி தேடினார். அது நூல் போல மெலிந்து ஓடியது. நெஞ்சில் குழல் வைத்து எண்ணினார்: நிமிடத்துக்கு 178. இந்த வயதில் விழித்திருக்கும் குழந்தைக்கு அது நூறிலிருந்து நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும். "பி.பி. இன்னும் தாங்கிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். குழந்தை ஷாக்ல இருக்கு" என்றார்.

எடை 9.8 கிலோ காட்டியது. அந்த மாதத் தொடக்கத்தில் அங்கன்வாடியில் எடுத்து அட்டையில் குறித்திருந்த எடை 11 கிலோ. பதினாறு மணி நேரத்தில் 1.2 கிலோ, அதாவது ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர், உடம்பிலிருந்து போயிருக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தால் அது கடுமையான நீரிழப்பு. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி. பதினொரு கிலோக் குழந்தைக்கு மொத்தமே 880 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பக்கூடக் காணாது. போன நீர் முழுவதும் இரத்தத்திலிருந்தே போவதில்லை. உடம்பின் எல்லாத் திசுக்களிலிருந்தும் போகிறது. ஆனாலும் இவ்வளவு சிறிய சேமிப்பில் எவ்வளவு சீக்கிரம் கைவைக்க வேண்டி வருகிறது என்பது இதிலிருந்து புரியும்.

இரத்தக் குழாய்கள் ஒடுங்கிவிட்டதால் முதல் இரண்டு முறை ஊசி நரம்பில் ஏறவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் செலுத்தும் ஊசியை மருத்துவர் கையில் எடுத்துவிட்டார். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு அந்த வழியாகவும் திரவம் ஏற்றலாம். மூன்றாவது முயற்சியில் முழங்கை மடிப்பில் நரம்பு கிடைத்தது. ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புத் திரவத்தை, கிலோவுக்கு 20 மில்லி கணக்கில் 200 மில்லி, சொட்டுச் சொட்டாக விடாமல் பெரிய சிரிஞ்சில் இழுத்து இழுத்துக் கையாலேயே செலுத்தினார்கள். நம் ஊரில் எல்லா டிரிப்ஸையும் குளுக்கோஸ் என்றுதான் சொல்கிறோம். வெறும் குளுக்கோஸ் திரவம் இரத்தக் குழாய்க்குள் தங்காமல் திசுக்களுக்குள் பரவிவிடும். ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு உப்புச் சத்துள்ள திரவம் வேண்டும். 200 மில்லி போனதும் மறுபடி பாதத்தைத் தொட்டார், நாடியை எண்ணினார், இன்னொரு 200 மில்லி கொடுத்தார். அது முடியும்போது நாடி 140-க்கு இறங்கியிருந்தது. சூடு கணுக்கால் வரை வந்திருந்தது. அப்போதுதான் அவன் கையிலிருந்த ஊசியைப் பார்த்து வீறிட்டு அழுதான். அந்த வார்டில் அந்த அழுகைக்காக மகிழ்ந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். பதினொன்றரைக்கு அவன் சிறுநீர் கழித்து விரிப்பை நனைத்தபோது மருத்துவர் முதன்முறையாகச் சிரித்தார்.

அந்த இரவில் செய்திருக்க வேண்டியது

இரவு எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். தங்கை மகள் சரியாகத்தான் கரைத்திருக்கிறாள், முழுப் பொட்டலம், ஒரு லிட்டர். தாகத்தில் தவித்த குழந்தை ஒரு டம்ளரை அப்படியே குடித்தது; குடித்ததும் முழுவதையும் வாந்தி எடுத்தது. இரண்டாம் முறையும் அப்படியே. "வயித்துக்குக் கொஞ்சம் ஓய்வு குடு" என்று மாமியார் சொல்ல, பிறகு எதுவும் கொடுக்கவில்லை. அதிகாலையில் தொக்கம் எடுக்கிறவரிடம் கொண்டுபோகலாம் என்றும் பேச்சு இருந்திருக்கிறது. அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. கரைப்பதை நான் சொன்னேன், புகட்டுவதைச் சொல்லவில்லை.

நீரிழப்புத் தொடங்கிவிட்ட, ஆனால் விழித்திருந்து விழுங்கக் கூடிய குழந்தைக்கு, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ஓ.ஆர்.எஸ். போக வேண்டும். பதினொரு கிலோவுக்கு அது 825 மில்லி, மணிக்கு ஏறத்தாழ 200 மில்லி. இதை டம்ளரில் கொடுத்தால் வயிறு உதறித் தள்ளும். 5 மில்லி பிடிக்கும் சிறு ஸ்பூனால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் மணிக்கு 200 மில்லி தானாக உள்ளே போய்விடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். எடுத்த வாந்தியில் கொடுத்தது முழுவதும் வந்துவிடுவதில்லை. நான்கு மணி நேரம் ஒருவர் ஸ்பூனோடு உட்கார்ந்திருப்பது அலுப்பான வேலைதான். வீட்டில் மூன்று பேர் இருந்தால் மாறி மாறிச் செய்யலாம். 1971-இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். அதை மொண்டு மொண்டு புகட்டியவர்கள் நோயாளிகளின் உறவினர்களே. நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஸ்பூனுக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டுவிட்டால், எழுப்பினால் முகம் பார்க்காவிட்டால், பாதம் சில்லிட்டு நகம் சிவக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால், அது நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய குழந்தை. அந்த நேரத்தில் வீட்டில் ஸ்பூனோடு போராடும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

அடையாளங்களிலும் ஏமாற்றுபவை உண்டு. ஏ.சி. அறையிலும் மார்கழிப் பனியிலும் நல்ல குழந்தையின் பாதமும் சில்லிடும். காய்ச்சல் ஏறும் நேரத்தில் உடம்பு கொதிக்கக் கை கால்கள் குளிர்ந்திருக்கும். ஆகவே குளிர் மட்டும் போதாது. அது எதுவரை ஏறியிருக்கிறது, நகம் என்ன சொல்கிறது, குழந்தை நம்மைப் பார்க்கிறதா என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டு அது திரும்பப் படிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதும் நல்ல சோதனைதான். இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு நின்றால் நீரிழப்பு கடுமையாகிவிட்டது. ஆனால் கொழுகொழுவென்ற குழந்தைக்கு அது சரியாக இருப்பது போலக் காட்டிவிடும். மெலிந்து வாடிய குழந்தைக்கு நீரிழப்பு இல்லாமலே மடிப்பு நிற்கும். நம் தோல் நிறத்தில் வெளிறலை முகத்தில் தேடினால் தெரியாது. உதட்டிலும் உள்ளங்கையிலும் கீழ் இமையின் உள்பக்கத்திலும் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்று நம் பாட்டிமார் தடவிப் பார்த்தது சரியான பார்வைதான். உச்சி விழுந்துவிட்டது என்று எண்ணெய் வைத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்ததில்தான் நேரம் போனது.

இரத்தம் போனாலும் உடல் இதே மதகுகளைத்தான் இதே வரிசையில் மூடுகிறது. பணியில் இருந்தபோது, சைக்கிளிலிருந்து விழுந்து கைப்பிடி வயிற்றில் குத்திய ஆறு வயதுப் பையனைப் பார்த்தேன். தோலில் ஒரு வட்டச் சிராய்ப்பு தவிர வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான், பிறகு பேசாமல் சுருண்டு படுத்தான். கை சில்லிட்டு வியர்த்திருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டுக் கிலோ எடையுள்ள பையனிடம் இருக்கும் மொத்த இரத்தம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. அதில் அரை லிட்டர் வயிற்றுக்குள் ஒளிந்துகொள்வதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. அரிவாள்மனை வெட்டுப் போல வெளியே பீறிடும் காயமென்றால், துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், முழு பலத்தோடு அழுத்திப் பிடித்தபடியே வண்டியில் ஏற வேண்டும். மஞ்சள் பொடிக்கும் காபிப் பொடிக்கும் அங்கே வேலை இல்லை.

இப்போதும் இரவில் அழைப்புகள் வருகின்றன. ஓய்வு பெற்றாலும் ஊர் விடுவதில்லை. போன மாதம் எங்கள் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் பதினொரு மணிக்கு அழைத்து, "அக்கா, பாப்பாவுக்கு வாந்தி நின்னுடுச்சு, அசந்து தூங்குது" என்றாள். நான் அவளைப் பாதத்தைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். சூடாக இருக்கிறது என்றாள். கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்று கேட்டேன்; ஒன்பதரைக்கு, பாவாடை நனைந்தது என்றாள். எழுப்பு என்றேன். "இப்பதானே தூங்குச்சு" என்று தயங்கினாள். எழுப்பு என்று மறுபடியும் சொன்னேன். சற்று நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு தூக்கம் கலைந்த குழந்தை ஆத்திரத்தோடு கத்தி அழும் சத்தம் தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது; "கண்ணுல தண்ணி வருதுக்கா" என்றாள் தாய். நாலு ஸ்பூன் ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டுத் தூங்க விடு, அரை மணி கழித்து மறுபடி பாதத்தைத் தொட்டுவிட்டு எனக்குப் பேசு என்றேன். பதினொன்றே முக்காலுக்கு அவள் பேசினாள்.